கொல்லைப்புறக் குழாயில் வெந்நீர் வரத் தாமதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்து பழைய வீடுகள் பலவும் தெருவில் தொடங்கி கொல்லையில் முடியும் நீள வீடுகள். முன்கட்டை இடித்துத் தளம் போட்டிருப்பார்கள், பின்கட்டு இன்னும் நாட்டு ஓடுதான். சோலார் ஹீட்டரைத் தளத்தின் மேல்தான் வைக்க முடியும். குளியலறையோ கிணற்றடியை ஒட்டிக் கொல்லையில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே 25, 30 மீட்டர் பைப். அப்படிப்பட்ட வீட்டுக்காரர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை.

மாடியில தண்ணி கொதிக்குது. கொல்லையில ஒரு பக்கெட் பச்சைத் தண்ணி போன பிறகுதான் சூடு வருது. ஹீட்டர் கெட்டுப்போச்சா?

ஹீட்டரில் கோளாறு இல்லை. நேற்று கடைசியாகக் குளித்தவர் குழாயை மூடியபோது பைப்புக்குள் நின்ற வெந்நீர் இரவெல்லாம் ஆறிக் கிடந்தது. இன்று திறந்ததும் முதலில் அதுதான் வெளியே வருகிறது. அது முழுவதும் போன பிறகே டாங்கியிலிருந்து கிளம்பிய தண்ணீர் உங்களிடம் வந்து சேரும்.

இதில் நஷ்டம் இரட்டிப்பு. பச்சைத் தண்ணீர் சாக்கடைக்குப் போவது கண்ணுக்குத் தெரிகிறது. நீங்கள் குளித்து முடித்து மூடும்போது பைப் நிறைய நல்ல வெந்நீர் மறுபடி மாட்டிக்கொண்டு ஆறப்போவது கண்ணுக்குத் தெரிவதில்லை. 12 லிட்டர் பிடிக்கும் பைப்பில் ஒரு நாளில் நான்கு முறை, இடைவெளி விட்டு இப்படி நடந்தால் 48 லிட்டர் வெந்நீர் யாருக்கும் பயன்படாமல் போகிறது. 200 லிட்டர் டாங்கியில் அது கால் பங்குக்குச் சற்றே குறைவு. "மார்கழியில் நாலாவது ஆளுக்குச் சூடு பத்தவில்லை" என்று சொல்லும் வீடுகளில் பெரிய டாங்கி வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்க்கச் சொல்வேன்.

எங்க வீட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகலாம்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

பைப்பின் நீளத்தையும் அளவையும் பாருங்கள். வீடுகளில் சாதாரணமாகப் போடும் சிபிவிசி பைப்பில், 10 மீட்டருக்கு அரை அங்குலம் சுமார் 1.2 லிட்டர் பிடிக்கும், முக்கால் அங்குலம் 2.6 லிட்டர், ஒரு அங்குலம் 4.3 லிட்டர். முக்காலிலிருந்து ஒன்றுக்குப் போனால் கொள்ளளவு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு. சோலாரிலிருந்து ஒரு அங்குல பைப் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஓடி, முற்றத்துச் சுவர் வழியாக இறங்கி, கொல்லை வரை 26 மீட்டர். அங்கிருந்து முக்கால் அங்குலத்தில் 4 மீட்டர். முதலாவதில் 11 லிட்டரும் கொஞ்சமும், இரண்டாவதில் 1 லிட்டர், ஆக 12 லிட்டர். ஆனால் அளந்து பார்த்தபோது சூடு வருமுன் போனது 17 லிட்டர். இந்த அதிகப்படியான 5 லிட்டர் வழக்கமானதுதான். முன்னால் வரும் வெந்நீர் பைப்பின் சுவரைச் சூடாக்குவதில் தன் சூட்டை இழக்கிறது, பழைய தண்ணீரோடு கொஞ்சம் கலக்கவும் செய்கிறது. பைப்பின் கொள்ளளவைப் போல ஒன்றே கால் முதல் ஒன்றரை மடங்கு வரை போவது சகஜம்.

அந்த வீட்டுக் குழாயில் நிமிடத்துக்கு 6 லிட்டர் வந்தது. 17 லிட்டர் போக ஏறக்குறைய 3 நிமிடம். உங்கள் வீட்டில் அளக்க, அளவு தெரிந்த பக்கெட்டும் கைப்பேசிக் கடிகாரமும் போதும். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் அளக்க வேண்டும், அவ்வளவுதான்.

கணக்குப்படி 12 லிட்டர்தான் சார். ஆனா 30 லிட்டர் போனாலும் வெதுவெதுன்னுதான் இருக்கு.

அப்படியானால் இது தாமதப் பிரச்சினை இல்லை. வீட்டில் எங்கோ பச்சைத் தண்ணீர் வெந்நீர் பைப்புக்குள் கலக்கிறது. பம்ப், உறை என்று செலவு செய்யும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

சோலாரிலிருந்து வெந்நீர் வெளியே வரும் இடத்தில் ஒரு வால்வு இருக்கும். அதை முழுக்க மூடுங்கள். கொல்லைக் குழாயில் வெந்நீர்ப் பக்கத்தை மட்டும் திறந்து வையுங்கள். பைப்பில் மிச்சமிருக்கும் தண்ணீர் கொஞ்சம் வந்து, மெலிந்து, நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் அந்தத் தண்ணீர் பச்சைத் தண்ணீர் பைப்பிலிருந்துதான் வருகிறது.

பெரும்பாலும் கை ஷவர் மாட்டிய மிக்சர்தான் காரணம். மிக்சரின் இரண்டு பக்கத்தையும் திறந்து வைத்துவிட்டு, ஷவர் நுனியில் உள்ள பொத்தானால் மட்டும் நிறுத்தும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. வெளியே வழி அடைபட்டதும் இரண்டு தண்ணீரும் மிக்சருக்குள்ளேயே ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு மிக்சராக மூடிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். மிக்சரை மூடியும் நிற்கவில்லை என்றால் அதன் உள் வாஷர் தேய்ந்திருக்கும்.

பைப்புக்கு உறை போட்டா வெந்நீர் சீக்கிரம் வருமா?

காலையில் முதல் முறை திறக்கும்போது பெரிய மாற்றம் இருக்காது. இரவு முழுதும் நின்ற தண்ணீர் உறைக்குள்ளும் ஆறித்தான் போயிருக்கும். இதைச் சொல்லாமல் உறையை விற்பதால்தான் "போட்டும் பிரயோஜனம் இல்லை" என்ற பேச்சு வருகிறது.

உறையின் பலன் இரண்டாவது, மூன்றாவது ஆளுக்கு. நம் ஊர்க் குளிர்காலத்தில், வீட்டுக்குள் ஓடும் முக்கால் அங்குல பைப்பில் 50 டிகிரித் தண்ணீர் குளிக்கும் சூடான 40 டிகிரிக்கு இறங்க ஏறக்குறைய 15 முதல் 20 நிமிடம் ஆகும். மாடியில் காற்று அடிக்கும் இடத்தில் 10 நிமிடம்கூடத் தாங்காது. 13 மில்லிமீட்டர் கனத்தில் நல்ல உறை போட்டால் அதே இறக்கத்துக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்பா குளித்து அரை மணி கழித்து பிள்ளை போனாலும் திறந்ததும் வெந்நீர்தான்.

உறை இல்லாத வீட்டிலும் ஒருவர் பின் ஒருவராகப் போனால் பாதிப் பிரச்சினை தீரும். அது காசு செலவில்லாத வழி.

என்ன உறை? எங்கெல்லாம் போடணும்?

கறுப்பு நிறத்தில் குழல்போல வரும் நைட்ரைல் ரப்பர் உறை நல்லது. பைப்பின் வெளி விட்டத்துக்குச் சரியாகக் கேட்டு வாங்குங்கள். முக்கால் அங்குல சிபிவிசிக்கு வெளி விட்டம் 22 மில்லிமீட்டர். தொளதொளவென்று இருந்தால் இடையில் காற்று ஓடும். எல்போ, டீ, வால்வு ஆகியவற்றை அப்படியே விட்டுவிடுவதுதான் அதிகம் காணும் தப்பு. அங்கே துண்டுகளைச் சாய்வாக வெட்டி, அதற்கான பசையால் ஒட்ட வேண்டும்.

மொட்டை மாடியில் இந்த ரப்பர் வெயிலில் வெடித்துப் பொடியாகும். அணிலும் காகமும் கொத்திப் பிய்க்கும். அலுமினிய டேப் சுற்றுவது ஓரளவு தாங்கும். நான் சொல்வது, உறை போட்ட பைப்பைப் பெரிய பிவிசி பைப்புக்குள் நுழைத்துவிடுவது. புதிதாக பைப் போடும்போதே செய்தால் சுலபம். ஓடுகிற பைப்புக்கு, பிவிசியை நீளவாக்கில் பிளந்து மேலே கவிழ்த்துக் கட்டலாம். நுனிகளில் மழைத்தண்ணீர் இறங்காதபடி அடைத்துவிடுங்கள். நனைந்த உறை சூட்டைப் பிடிக்காது.

ஒரே நாளில் எல்லாம் செய்யக் காசு இல்லையென்றால் வரிசை இதுதான்: முதலில் மாடி, பிறகு முற்றத்தில் திறந்தபடி ஓடும் பகுதி, கடைசியில் வீட்டுக்குள்.

மண்ணுக்குள் மட்டும் வெந்நீர் பைப்பைப் புதைக்காதீர்கள். டெல்டாவின் களிமண்ணில் ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு அடி தோண்டினாலே ஈரம் நிற்கும். ஈர மண் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும், உறையிருந்தாலும் அது ஊறிப்போகும். சுற்றிப் போனாலும் சுவரோடு போவதுதான் சரி.

ஒரு அங்குல பைப்பை எடுத்துட்டு முக்கால் போடலாமா? பிளம்பர் பிரஷர் குறையும்ங்கறார்.

அவர் பயம் நியாயமானதுதான். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு இரண்டு மூன்று மீட்டர் உயரத்தின் அழுத்தம்தான் உண்டு. ஆனால் ஒரு குளியலறைக்கு நிமிடம் 6 லிட்டர் போதும் என்றால், 30 மீட்டர் முக்கால் அங்குல பைப்பில் உராய்வால் போகும் உயரம் அரை மீட்டருக்குள்தான். எல்போக்களுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாலும் தாங்கும். அந்தக் கும்பகோணத்து வீட்டில் முழுவதும் முக்காலாக மாற்றியதும் பைப்பின் கொள்ளளவு 12-லிருந்து 8 லிட்டருக்கு வந்தது. காத்திருப்பு 3 நிமிடத்திலிருந்து 2 நிமிடத்துக்குள் இறங்கியது. பம்ப் ஏதுமில்லாமலே இது.

ஒரே நேரத்தில் இரண்டு பேர் குளிக்கும் வீடு என்றால் ஒரு அங்குலத்தை விட்டுவையுங்கள். அரை அங்குலம் வேண்டவே வேண்டாம். அதே 6 லிட்டருக்கு இரண்டரை மீட்டர் உயரத்தை உராய்வே தின்றுவிடும், குழாயில் நூல்போலத்தான் வரும்.

கடைக்காரர் சர்குலேஷன் பம்ப் போடச் சொல்றார். ராப்பகலா ஓடுமாம், திறந்ததும் வெந்நீராம். போடலாமா?

சோலார் வீட்டுக்கு ராப்பகலாக ஓடும் பம்ப் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்த பம்ப் செய்வது இது: டாங்கியிலிருந்து வெந்நீரைக் கொல்லை வரை கொண்டுபோய், தனி ரிட்டர்ன் பைப் வழியாகத் திரும்பவும் டாங்கிக்கே கொண்டுவரும். போக 30 மீட்டர், வர 30 மீட்டர், ஆக 60 மீட்டர் பைப் எப்போதும் சூடாக இருக்கும். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? உங்கள் டாங்கியிலிருந்துதான். உறையில்லாத முக்கால் அங்குல பைப் 50 டிகிரித் தண்ணீரோடு இருந்தால் மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேல் வெளியே விடும். 60 மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோவாட், அதாவது மணிக்கு 1 யூனிட். 200 லிட்டர் டாங்கியில் 60 டிகிரியில் தண்ணீர் இருந்தால் அதில் உள்ள பயன்படும் சூடு மொத்தமே 7 யூனிட் சொச்சம். சாயங்காலம் 6 மணிக்குச் சூரியன் போன பிறகு, விடியற்காலை 4 மணிக்குள் டாங்கி வெதுவெதுப்புக்கு வந்துவிடும். 13 மில்லிமீட்டர் உறை போட்டிருந்தாலும் மீட்டருக்கு 6 வாட் போகிறது, இரவில் டாங்கியின் பாதிச் சூடு காலி. சூட்டைச் சேர்ப்பது பகலில் மட்டும், இழப்பது பொழுதெல்லாம் என்பதால்தான் மின்சார ஹீட்டரைவிட சோலாருக்கு இது அதிகம் வலிக்கிறது.

நீங்கள் கேட்க வேண்டியது பட்டன் பம்ப். குளிக்கப் போகுமுன் பட்டனை அழுத்துகிறீர்கள், பம்ப் ஒன்றரை, இரண்டு நிமிடம் மட்டும் ஓடி நின்றுவிடுகிறது. பச்சைத் தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் தொட்டிக்கோ டாங்கிக்கோ திரும்புகிறது. வெந்நீர் குழாயடியில் வந்து நிற்கிறது. காத்திருப்பு இல்லாமல் போகவில்லை. நீங்கள் துண்டும் சோப்பும் எடுக்கும் நேரத்துக்குள் அது கழிந்துவிடுகிறது, அவ்வளவே.

எங்க வீட்டில ரிட்டர்ன் பைப் கிடையாது. சுவரை உடைக்காம பட்டன் பம்ப் போட முடியுமா?

முடியும். பம்பைக் கொல்லைக் குளியலறையிலேயே வைக்கிறோம். அது வெந்நீர் பைப்பிலிருந்து இழுத்து, பக்கத்திலுள்ள பச்சைத் தண்ணீர் பைப்புக்குள் தள்ளும். தண்ணீர் பின்னோக்கி ஏறி மேல்நிலைத் தொட்டிக்குப் போய்விடும். தொட்டியிலிருந்து இரண்டு பைப்பிலும் இறங்கும் அழுத்தம் கிட்டத்தட்டச் சமம் என்பதால் சின்ன பம்பே போதும். பம்புக்கும் பச்சைத் தண்ணீர் பைப்புக்கும் நடுவே, தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று கட்டாயம்.

இது வேலை செய்யாத வீடுகளும் உண்டு. தொட்டியிலிருந்து வரும் பச்சைத் தண்ணீர் பைப்பில் பிரஷர் பம்ப் வைத்திருந்தால் அதனோடு ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும் இருக்கும். தண்ணீர் திரும்பி ஏற வழியில்லை, பம்ப் உறுமிக்கொண்டு சும்மா சுற்றும். கொல்லைப் பச்சைத் தண்ணீர் போர் மோட்டாரிலிருந்தோ நகராட்சி இணைப்பிலிருந்தோ நேராக வந்தாலும் இதைச் செய்யக்கூடாது.

தனி ரிட்டர்ன் போடுகிறவர்கள் அரை அங்குலத்தில் போட்டு, சோலாருக்குள் பச்சைத் தண்ணீர் நுழையும் பைப்பில் சேர்க்கலாம், இதற்கும் நான்-ரிட்டர்ன் வால்வு உண்டு. பட்டன் முறையில் ரிட்டர்னில் ஓடுவது பெரும்பாலும் ஆறின தண்ணீர்தான் என்பதால் அதற்கு உறை தேவையில்லை.

பம்ப் வெந்நீருக்கென்று செய்ததாகவும், உடம்பு வெண்கலம் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவும் இருக்கட்டும். வார்ப்பிரும்பு துருப்பிடித்து, தண்ணீர் செம்பழுப்பாக வரும். நேரம் வைக்க ஒரு டைமர் போதும், எலக்ட்ரீஷியன் மாட்டிவிடுவார். முதல் நாள் பம்பை ஓடவிட்டு, குழாயடியில் பைப்பைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடு தட்டும் நேரத்தோடு 10 விநாடி சேர்த்து டைமரை வையுங்கள். அதிகம் ஓடவிட்டால் பச்சைத் தண்ணீர் குழாயிலும் வெந்நீர் வரும்.

பம்ப் போட்டு ஒரு வருஷம் நல்லா இருந்துச்சு. இப்ப வெந்நீர்க் குழாயில முழுச் சூடு வரமாட்டேங்குது.

நான்-ரிட்டர்ன் வால்வைச் சந்தேகப்படுங்கள். கடற்கரைப் பக்கம், நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரி இடங்களில் போர் தண்ணீர் உப்பும் கடினமும் கலந்தது. வால்வின் நாக்கில் உப்புப் படிந்து முழுதாக மூடாமல் நிற்கும். நீங்கள் வெந்நீரைத் திறக்கும்போது பச்சைத் தண்ணீர் அதன் வழியே பின்னால் நுழைந்து கலக்கும். பம்பை ஒட்டி ஒரு பால் வால்வு இருந்தால் அதை மூடிப் பாருங்கள். உடனே முழுச் சூடு வந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. கழற்றி, வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதற்காகவே பம்பின் இரண்டு பக்கமும், திருகிக் கழற்றி மாட்டக்கூடிய யூனியன் இணைப்பும் பால் வால்வும் வைக்கச் சொல்கிறேன். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் பைப்பை அறுக்க வேண்டிவரும்.

பேசாம குளியலறையிலேயே ஒரு சின்ன கீசர் மாட்டிட்டா?

பல வீடுகளுக்கு இதுதான் சரியான தீர்வு, குறிப்பாகக் கொல்லைக் குளியலறையை ஒருவர் இருவர்தான் பயன்படுத்துகிறார்கள் என்றால். சோலார் பைப்பை 10 அல்லது 15 லிட்டர் கீசருக்குள் விட்டு, அங்கிருந்து குழாய்க்குக் கொடுங்கள். பைப்பில் ஆறிக் கிடந்த தண்ணீர் கீசருக்குள் நுழையும் நேரத்தில் கீசரில் ஏற்கெனவே இருந்த வெந்நீர் உங்களுக்கு வரும். அது தீர்வதற்குள் சோலார் தண்ணீர் வந்து சேர்ந்துவிடும். கீசர் தாங்கும் நுழைவுச் சூடு எவ்வளவு என்று வாங்கும்போதே கேளுங்கள், நம் ஊர் வெயிலில் பயன்படுத்தாமல் விட்ட சோலார் தண்ணீர் கொதிநிலையை நெருங்கும்.

3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் என்றால், 3 கிலோவாட்டில் நிமிடம் 3 லிட்டர் ஓடும்போது 14 டிகிரிதான் ஏற்றும். 27 டிகிரித் தண்ணீர் 41 ஆகும். பக்கெட்டில் பிடித்துக் குளிக்கப் போதும், ஷவருக்குப் போதாது.

நாங்க லாட்ஜ் வச்சிருக்கோம், கோயிலுக்கு வர்றவங்க எல்லாரும் விடியக்காலை 4 மணிக்கே குளிப்பாங்க. எங்களுக்கும் பட்டன்தானா?

உங்களுக்கு வேறு. எல்லா அறையும் ஒரே நேரத்தில் குளிக்கும்போது அந்த இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் டைமரில் பம்பை ஓடவிடுவது நியாயம்தான். 3:45-க்குத் தொடங்கி 7 மணிக்கு நிறுத்துங்கள். போக வர இரண்டு பைப்புக்கும் முழு உறை வேண்டும். கடைசி அறைக்குத்தான் வெந்நீர் எட்டாது என்பதால் ஒவ்வொரு மாடியின் ரிட்டர்னிலும் ஒரு வால்வு வைத்து, பம்புக்குப் பக்கத்து மாடியில் அதைக் குறுக்கி, தூரத்து மாடியில் முழுக்கத் திறந்து விடுங்கள். மூன்று நான்கு காலை தொட்டுப் பார்த்துச் சரிசெய்தால் எல்லா ரிட்டர்ன் பைப்பும் கிட்டத்தட்ட ஒரே சூட்டுக்கு வரும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் அறைகளில் வாரம் ஒருமுறை வெந்நீர்க் குழாயைச் சூடு வரும்வரை திறந்து விடச் சொல்லுங்கள். வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரில் கிருமி வளரும்.